24 கோடிப் பதிவில் எத்தனையைப் பார்த்தால் போதும்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் பால் சங்கங்களின் கணக்கு ஒரே டேட்டாபேஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைக் கணக்குதான். உறுப்பினர்கள் 60,000 பேர். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சங்க எண், உறுப்பினர் எண், நேரம், லிட்டர், கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருளைக் காட்டும் எஸ்.என்.எஃப்., தொகை என்று ஒரு பதிவு விழும். ஆண்டுக்கு 4 கோடியே 38 லட்சம். 2019 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை ஐந்தரை ஆண்டில் ஏறத்தாழ 24 கோடிப் பதிவுகள்.

இந்த டேபிளைப் பழைய மைஎஸ்கியூஎல் சர்வரிலிருந்து புதிய போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு நகலெடுத்தாயிற்று. நகல் சரிதானா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவாக இரண்டு பக்கமும் கேட்டு ஒப்பிட்டால், பதிவுக்கு 5 மில்லி விநாடி என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 14 நாள் ஆகும். அதற்குள் சர்வரை மாற்றியாக வேண்டும். அதனால் சில பதிவுகளை மட்டும் எடுத்துப் பார்க்கப் போகிறோம். எத்தனை, எவை, பார்த்தபின் என்ன சொல்லலாம் என்ற மூன்றையும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு.

சாம்பிள் எடுப்பதற்கு முன்னால், முழு டேபிளிலும் மலிவாகச் செய்யக்கூடியதைச் செய்துவிட வேண்டும். மொத்தப் பதிவு எண்ணிக்கை, மொத்த லிட்டர், மொத்தத் தொகை, சங்கவாரியான எண்ணிக்கை, மாதவாரியான எண்ணிக்கை ஆகியவற்றை இரண்டு சர்வரிலும் தனித்தனியே கணக்கிட்டு, விடைகளை மட்டும் ஒப்பிடலாம். 24 கோடியையும் ஒருமுறை படித்து முடித்தால் போதும், பதிவுகளை நெட்வொர்க்கில் அனுப்பத் தேவையில்லை. ஒரு சங்கத்தின் ஒரு வாரப் பதிவு மொத்தமாக விட்டுப்போனால் இதிலேயே தெரிந்துவிடும். புதிய டேபிளில் பதிவின் அடையாள எண்ணான id மேல் யுனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் ஒரே id இரண்டு முறை ஏற வழியில்லை.

இந்த வலையில் சிக்காதவை என்ன? ஒரு உறுப்பினரின் பால் இன்னொருவர் எண்ணில் விழுந்திருந்தால் எண்ணிக்கையும் தொகையும் அப்படியே இருக்கும். பெயர் பாதியில் அறுந்திருந்தாலும், மாத எல்லையைத் தாண்டாமல் தேதி ஒரு நாள் தள்ளியிருந்தாலும் மொத்தத்தில் தெரியாது. சாம்பிள் தேவைப்படுவது இவற்றுக்குத்தான்.

முதலில் எண்ணிக்கை. பலரும் "24 கோடியில் ஒரு சதவீதம் பார்க்கலாம்" என்று தொடங்குகிறார்கள். அது 24 லட்சம், அவ்வளவு தேவையில்லை. 24 கோடிக்கும் 2 கோடிக்கும் தேவையான சாம்பிள் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். டேபிள் எவ்வளவு பெரியது என்பது அதைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு அரிதான பிழையைப் பிடிக்க நினைக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

பத்தாயிரத்தில் ஒரு பதிவு பிழையானது என்று கொள்வோம். குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்தால் அது நல்ல பதிவாக இருக்கும் வாய்ப்பு 0.9999. இரண்டு எடுத்தால் இரண்டும் நல்லதாக இருக்கும் வாய்ப்பு 0.9999 × 0.9999. இப்படி 30,000 முறை பெருக்கினால் 0.05-க்கு வந்து நிற்கும். அதாவது, பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை இருந்தும், 30,000 எடுத்து ஒன்றில்கூட அது படாமல் போகும் வாய்ப்பு 5 சதவீதம்தான். இந்தப் பெருக்கலில் 24 கோடி என்ற எண் எங்குமே வரவில்லை, பாருங்கள்.

இதையே திருப்பிப் போட்டால் மனதில் நிற்கும் ஒரு சுருக்கம் கிடைக்கும். n பதிவுகள் பார்த்து ஒன்றிலும் பிழை இல்லையென்றால், 95 சதவீத நம்பிக்கையோடு பிழை விகிதம் 3/n-ஐத் தாண்டாது என்று சொல்லலாம். 30,000 பார்த்தால் பத்தாயிரத்துக்கு ஒன்று. 3,000 பார்த்தால் ஆயிரத்துக்கு ஒன்று. ஆனால் அதை உடனே முழு டேபிளோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒன்று என்பது 24 கோடியில் 24,000 பதிவுகள். "30,000 பார்த்தோம், ஒரு பிழைகூட இல்லை" என்ற அறிக்கையின் உண்மையான பொருள் "பிழைகள் 24,000-க்குள் இருக்கலாம், அதற்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு" என்பதே. அதிகாரியிடம் இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலாவதைக் கேட்பவர் நகல் பிசகே இல்லாதது என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்து, எவற்றை எடுப்பது என்பது. மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. ஒவ்வொரு பதிவும் எடுக்கப்படும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும், ஒன்று வந்ததால் பக்கத்திலுள்ளதும் வந்தது என்று ஆகக் கூடாது. நடைமுறையில் பிசகுவது இங்கேதான்.

`LIMIT 30000` என்று போட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் டிஸ்கில் முதலில் கிடக்கும் பதிவுகளைத் தரும். முதலில் ஏற்றிய தொகுதி, எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்த தொகுதி. சங்கத்தில் கேனைக் கலக்காமல் மேலாக மொண்டு எடுத்த சாம்பிள் கொழுப்பைக் கூட்டிக் காட்டுவதைப் போன்றது இது.

ஒவ்வொரு பத்தாயிரமாவது பதிவையும் எடுப்பது பார்க்க நியாயமாகத் தோன்றும். நகலெடுக்கும் ஸ்கிரிப்டும் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏற்றியிருந்தால்? தொகுதியின் எல்லையில் நடக்கும் பிழை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழும். உங்கள் சாம்பிள் அந்த இடத்தில் விழுந்தால் எல்லாமே பிழையாகத் தெரியும், ஓர் எண் தள்ளி விழுந்தால் எதுவுமே தெரியாது.

போஸ்ட்கிரெஸில் `TABLESAMPLE SYSTEM` என்று ஒரு வசதி உண்டு, மிக வேகமானது. ஆனால் அது பதிவுகளைத் தேர்ந்தெடுப்பதில்லை, 8 கேபி பக்கங்களைத் தேர்ந்தெடுத்து அதிலுள்ள எல்லாப் பதிவையும் தருகிறது. நம் டேபிளில் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நூறு பதிவு இருக்கும். அப்படிக் கிடைத்த 30,000 பதிவு என்பது வெறும் 300 பக்கம். நகல் பிழைகள் பொதுவாகக் கொத்தாக வருபவை. ஒரு தொகுதி கெட்டால் அடுத்தடுத்த பதிவுகள் சேர்ந்து கெடும். அப்போது 300 தனிச் சோதனைகள் செய்ததற்கு மேல் உரிமை கொண்டாட முடியாது. 3/300 என்பது நூற்றுக்கு ஒன்று. 24 கோடியில் அது 24 லட்சம்! `BERNOULLI` என்று போட்டால் பதிவு பதிவாகத் தேர்வு நடக்கும், ஆனால் முழு டேபிளையும் படிக்கும்.

இந்த வேலைக்கு மிகவும் பொருந்துவது வேறொரு வழி. id-ஐ எம்டி5 ஹாஷாக மாற்றி, அதன் முதல் மூன்று எழுத்து நாம் சொன்னதாக இருக்கும் பதிவுகளை மட்டும் எடுப்பது. ஹாஷ் பதினாறடிமான எண்ணாக வருவதால் மூன்று எழுத்துக்கு 16 × 16 × 16 = 4,096 சேர்க்கைகள். எனவே 4,096-இல் ஒரு பதிவு நம் கையில் விழும். 24 கோடியில் ஏறத்தாழ 58,600. அடுத்தடுத்த id-களின் ஹாஷ்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடப்பதால் கொத்துப் பிரச்சினை இல்லை. எம்டி5 இரண்டு டேட்டாபேஸிலும் ஒரே விடையைத் தருவதால், id பட்டியலை அனுப்பாமலே இரண்டு பக்கமும் அதே பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும். பழைய பக்கம் இருந்து புதிய பக்கம் இல்லாததும் தெரியும், புதிய பக்கம் புதிதாக முளைத்ததும் தெரியும். பழைய பக்கத்தில் id எடுத்துப் புதிய பக்கத்தில் தேடும் வழக்கமான முறையில் இந்த இரண்டாவது வகை கண்ணில் படாது.

பழைய சர்வரில்:

```sql
SELECT id, society, member,
       DATE(collected_at) AS milk_date, shift,
       CAST(litres AS DECIMAL(8,2)),
       CAST(fat AS DECIMAL(6,2)),
       CAST(snf AS DECIMAL(6,2)),
       CAST(amount AS DECIMAL(10,2))
FROM pour
WHERE MD5(id) LIKE '3c9%' AND id <= 240000000;
```

புதிய சர்வரில் இதே வினவல்தான். மாறுவது இரண்டு இடம்: `DATE(collected_at)` என்ற இடத்தில் `milk_date` என்ற ஃபீல்டே இருக்கிறது (நகலெடுக்கும்போது உருவாக்கியது), நிபந்தனை `md5(id::text) LIKE '3c9%'` என்று வரும். `3c9` என்பதற்குத் தனி அர்த்தம் எதுவும் இல்லை. ஓட்டுவதற்கு முன்பே ஏதோ மூன்று எழுத்தை முடிவுசெய்து எழுதி வைத்துவிட வேண்டும். விடை பிடிக்கவில்லை என்று பிறகு மாற்றக் கூடாது.

id வரம்பு எதற்கு? பழைய சர்வரில் இன்றைய மாலைப் பால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதைச் சேர்த்தால் இல்லாத பிழையெல்லாம் முளைக்கும். பழைய பதிவுகளைத் திருத்தும் வழக்கம் இருந்தால் id வரம்பு மட்டும் போதாது. நகலெடுக்கத் தொடங்கிய பின் திருத்தப்பட்டவற்றை, திருத்திய நேரத்தைப் பார்த்து இரண்டு பக்கமும் ஒதுக்க வேண்டும்.

`CAST` போடாவிட்டால் ஒரு பக்கம் 4.2, மறுபக்கம் 4.20 என்று வந்து 58,000 பதிவும் பிழையாகத் தெரியும். வெற்று மதிப்பிலும் இதே தொல்லை உண்டு. மைஎஸ்கியூஎல் கட்டளைவரியில் அது `NULL` என்று எழுதப்படும், போஸ்ட்கிரெஸின் psql வெறுமையாக விடும். psql-க்கு `-P null=NULL` என்று சொல்லிவிட்டால் ஒத்துப்போகும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் ஃபீல்டுகளை ஒப்பிடும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். 'கொ' என்பதிலுள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பைட்டுகள் மட்டும் வேறு. இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள். அதே சமயம், நகல் வேலை எழுத்துகளை இப்படி மாற்றியிருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். பெயரை வைத்துத் தேடும் மென்பொருளுக்கு அது பிழைதான்.

இரண்டு விடைகளையும் டேப் இட்ட கோப்புகளாக எடுத்து, தலைப்பு வரி இல்லாமல், ஒரே இடத்தில் வைத்து:

```
export LC_ALL=C
sort old.tsv > a
sort new.tsv > b
wc -l a b
comm -3 a b > diff.txt
```

`LC_ALL=C` இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும் விதி கணினிக்குக் கணினி மாறும். `diff.txt` காலியாக இருந்தால் இரண்டும் ஒன்று. ஒரு பதிவில் ஒரு ஃபீல்டு மாறியிருந்தால் பழைய வரியும் புதிய வரியும் சேர்ந்து இரண்டு வரி வரும். ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் ஒரே வரி.

நம் கற்பனைச் சோதனையை நடத்துவோம். மொத்த எண்ணிக்கை, லிட்டர், தொகை, சங்கவாரி எண்ணிக்கை எல்லாம் பொருந்தின. மாதவாரி எண்ணிக்கையை நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். சாம்பிளில் இரண்டு பக்கமும் 58,412 பதிவுகள் வந்தன. எதிர்பார்த்த 58,600-க்கு அருகில்தான். பல ஆயிரம் குறைந்திருந்தால் முதலில் வினவலைச் சந்தேகிக்க வேண்டும். `diff.txt`-இல் 74 வரிகள், அதாவது 37 பதிவுகளில் வேறுபாடு. எல்லாவற்றிலும் ஒரே ஃபீல்டு: தேதி ஒரு நாள் முந்தியிருக்கிறது.

இந்த இடத்தில் கை பரபரக்கும், 37-ஐயும் திருத்திவிடலாம் என்று. அதனால் ஒரு பயனும் இல்லை. பார்த்த 37 சரியாகும், பார்க்காத லட்சம் அப்படியே கிடக்கும். 37-ஐ 58,412-ஆல் வகுத்து 24 கோடியால் பெருக்கினால் சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம். சாம்பிளின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை இருக்கலாம்.

அடுத்து, அந்த 37-க்கும் பொதுவாக உள்ளது எது என்று தேட வேண்டும். எல்லாம் காலை வேளை. நேரத்தைப் பார்த்தால் எல்லாம் 5.30-க்கு முன். 5.10, 5.22, 5.27. காரணம் உடனே புலப்படுகிறது: நகலெடுத்த ஸ்கிரிப்ட் நேரத்தை யுடிசி-க்கு மாற்றி, அதிலிருந்து தேதியை எடுத்திருக்கிறது. இந்திய நேரம் யுடிசி-யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், ஜூன் 1 காலை 5.10 என்பது யுடிசி-யில் மே 31 இரவு 11.40. 5.30-க்குப் பிறகு ஊற்றிய பாலுக்கு இந்த மாற்றம் தேதியைத் தொடாது. அதனால்தான் மொத்தத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் கெட்டது. மாதத்தின் முதல் தேதி அதிகாலைப் பால் முந்தைய மாதப் பட்டுவாடாவுக்குப் போய்விடும். மாதவாரி எண்ணிக்கையை எடுத்திருந்தால் இது சாம்பிளுக்கு முன்பே சிக்கியிருக்கும்.

காரணம் கிடைத்துவிட்டது என்று நம்புவதற்கு முன் இரண்டு சோதனை. சாம்பிளில் 5.30-க்கு முந்தைய நேரம் கொண்ட பதிவுகள் மொத்தம் எத்தனை? 37-ஆக இருந்தால் காரணம் முழுமையானது. 60 இருந்து அதில் 37 மட்டும் கெட்டிருந்தால் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஒருவேளை ஸ்கிரிப்டை நடுவில் மாற்றியிருப்பார்கள். இரண்டாவது, முழு டேபிளில் அந்த வகைப் பதிவுகளை எண்ணுவது:

```sql
SELECT COUNT(*) FROM pour
WHERE TIME(collected_at) < '05:30:00' AND id <= 240000000;
```

விடை 1,48,230 என்று வந்தால், சாம்பிள் சொன்ன 1 லட்சத்து 52 ஆயிரத்தோடு பொருந்துகிறது. 9 லட்சம் என்று வந்திருந்தால் நம் விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது. பொருந்தியபின் ஸ்கிரிப்டைத் திருத்தி, அந்த வகைத் தேதிகள் முழுவதையும் மீண்டும் கணக்கிட வேண்டும். பிறகு புதிய மூன்று எழுத்தோடு, `a17` என்று வைத்துக்கொள்வோம், புதிய சாம்பிள். பழைய `3c9`-ஐயே மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே பார்த்துத் திருத்திய பதிவுகளைத்தான் சரிபார்த்ததாகும். புதியதில் பிழையே இல்லையென்றால் 3-ஐ 58,000 சொச்சத்தால் வகுத்து, மீதமிருக்கும் பிழைகள் சுமார் 12,300-க்குள் என்று எழுதலாம்.

அந்த 12,300 எங்கே ஒளிந்திருக்கலாம் என்பது தனிக் கேள்வி. ஜவ்வாது மலைச் சங்கங்கள் சிலவற்றின் கணக்கு நோட்டில் எழுதப்பட்டு, பிறகு எக்செல் வழியாக ஏற்றப்பட்டது என்று கொள்வோம். மொத்தமே 12,000 பதிவு. 4,096-க்கு ஒன்று என்றால் அதிலிருந்து நம் சாம்பிளில் வருவது மூன்றே பதிவு. அந்த 12,000-இல் பாதி கெட்டிருந்தாலும் எட்டில் ஒரு வாய்ப்பில் மூன்றும் நல்லதாகவே வந்துவிடும். எனவே டேபிளுக்குள் வேறு வழியாக வந்த ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகப் பிரிக்க வேண்டும். ஊர்வாரியாகப் பிரிப்பதைவிட, எந்த ஸ்கிரிப்ட், எந்தக் கோப்பு வடிவம், எந்தக் காலகட்டம் என்று பிரிப்பதே பயன் தரும், ஏனென்றால் பிழை அந்த எல்லைகளில்தான் மாறும். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கியதால், அதற்கு முந்தைய பதிவுகளில் ஆம்பூரும் அரக்கோணமும் வேலூர்க் குறியீட்டில் இருக்கும். நகலெடுக்கும்போது புதிய குறியீட்டுக்கு மாற்றியிருந்தால் 2019 நவம்பருக்கு முன் பின் என்று இரண்டு கூட்டம், இரண்டிலும் தனித்தனியே போதிய சாம்பிள். எக்செல் வழி வந்த 12,000-க்கு சாம்பிளே வேண்டாம். முழுவதையும் ஒப்பிட்டுவிடலாம், நேரமே ஆகாது.

ஒரே ஒரு பதிவு கெட்டிருந்தால்? அது நம் சாம்பிளில் விழும் வாய்ப்பு 4,096-இல் ஒன்று. சாம்பிளை இரண்டு மடங்காக்கினாலும் 2,048-இல் ஒன்றுதான். ஒரு பதிவு தவறினாலும் ஒருவருடைய பணம் இன்னொருவருக்குப் போய்விடும் டேபிள்கள் உண்டு. உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண் டேபிள் அப்படிப்பட்டது. அதில் 60,000 பதிவுகள்தான், `WHERE MD5(id)` என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, மேலே சொன்ன அதே `sort`, `comm` வழியில் கடைசிப் பதிவு வரை ஒப்பிட்டுவிட வேண்டும்.